‘இவர் எனக்கு உறவினர் அல்லர்’: ஒரு நன்னடத்தைச் சான்றிதழுக்காக அலைந்த கதை

2023 பிப்ரவரியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்குப் பணி நியமனக் கடிதம் வந்தது. குரூப் சி பணி. பதினைந்து நாளுக்குள் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்று எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். நடுவில் ஒரு வரி: அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்கள் இருவரிடமிருந்து, இணைத்துள்ள படிவத்தில், நன்னடத்தைச் சான்றிதழ்.

எல்லாவற்றையும்விட லேசான வேலை இதுதான் என்று நினைத்து, கடைசி மூன்று நாளுக்குத் தள்ளிவைத்தேன். கடைசியில் கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்ததும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் முறை போனபோது என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நான் படித்த கல்லூரியின் முதல்வர் கல்லூரிக் கடிதத்தாளில் கொடுத்தது. ‘இக்கல்லூரியில் பயின்ற காலத்தில் இவரது நடத்தை நன்றாக இருந்தது’ என்று ஒரே வரி. இன்னொன்று, நான் படித்த அரசு உதவி பெறும் பள்ளியின் தலைமை ஆசிரியர், அலுவலகம் அனுப்பிய படிவத்திலேயே நிரப்பிக் கொடுத்தது. சரிபார்ப்பு மேசையில் இருந்த அம்மா கல்லூரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். படித்து முடிக்கக்கூட இல்லை, ஓரமாக வைத்துவிட்டார். இரண்டாவதைப் படித்துவிட்டு, “இவர் கெசட்டட் ஆபீசரா?” என்றார்.

“ஹெச்.எம். மேடம்.”

“எய்டட் ஸ்கூல் ஹெச்.எம்.”

அவர் சொன்னது சரிதான். உதவி பெறும் பள்ளியில் அரசு சம்பளத்தைத் தருகிறது, ஆனால் ஆசிரியர் அரசு ஊழியர் ஆகிவிடுவதில்லை. நியமிப்பது பள்ளி நிர்வாகம். அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தால் செல்லும். அதே தெருவின் மறுமுனையில் இருக்கும் உதவி பெறும் பள்ளியின் தலைமை ஆசிரியர் போட்டால், அலுவலர் சான்று கேட்கும் இடத்தில் செல்லாது. இதில் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அதே கட்டுக்குள் அடையாளச் சான்றிதழ் என்று இன்னொரு தாள் இருக்கும். அதில் யார் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியல் கொஞ்சம் தாராளமானது. மத்திய, மாநில அரசுகளின் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்கள், நம் தொகுதியின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், கோட்ட அளவிலான நிர்வாக நடுவர், தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், அஞ்சல் நிலைய அதிகாரி, கடைசியாகப் படித்த அங்கீகாரம் பெற்ற பள்ளி அல்லது கல்லூரியின் தலைவர் என்று நீளும். நான் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, அதுதான் நன்னடத்தைச் சான்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் வேறு வேறு தாள்கள், வேறு வேறு கேள்விகள். அடையாளச் சான்று, நீங்கள் படிவத்தில் சொன்ன ஆள்தானா என்பதற்கு. மற்றது, நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு.

கல்லூரிக் கடிதம் ஏன் ஆகாது என்று கேட்டேன். அவர் பென்சிலால் படிவத்தின் வாசகத்தில் நான்கு இடங்களைச் சுழித்துக் காட்டினார். அந்த நான்கு சுழிகளும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘இன்னாரின் மகன் இன்னாரை நான் கடந்த இத்தனை ஆண்டுகள் இத்தனை மாதங்களாக அறிவேன் என்றும், எனக்குத் தெரிந்த வரையிலும் நான் நம்பும் வரையிலும் அவர் நன்மதிப்புக்குரிய நடத்தை உடையவர் என்றும், அவரை அரசுப் பணிக்குத் தகுதியற்றவராக்கும் முன்வரலாறு எதுவும் அவருக்கு இல்லை என்றும் சான்றளிக்கிறேன். இவர் எனக்கு உறவினர் அல்லர்.’

முதல் சுழி ‘இத்தனை ஆண்டுகள் இத்தனை மாதங்கள்’. இரண்டாவது ‘அரசுப் பணிக்குத் தகுதியற்றவராக்கும் முன்வரலாறு’. மூன்றாவது ‘உறவினர் அல்லர்’. நான்காவது, கீழே கையெழுத்துக்கு அடியில் இருந்த பதவி, முகவரிக்கான இடம். கல்லூரிக் கடிதத்தில் இந்த நான்கில் முதல் மூன்றும் இல்லை. ‘பயின்ற காலத்தில்’ என்று அது தன் கதவைத் தானே சாத்திக்கொண்டது. நான் கல்லூரியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடத்தைப் பற்றி முதல்வருக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொல்லவும் இல்லை. நேர்மையான கடிதம்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நம் ஊரில் ‘கண்டக்ட் சர்ட்டிபிகேட்’ என்றால் டி.சி.யோடு வரும் துண்டுத் தாள்தான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ‘நன்று’ என்று ஒரு சொல்லை எழுதிக் கொடுப்பார்கள். அதையும் சில இடங்களில் கேட்கிறார்கள், தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஆனால் வேலைக்குக் கேட்கும் சான்றிதழ் அது அல்ல.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே வழி சொன்னார். “சித்தப்பா பி.டி.ஓ.தானே? அவர்கிட்ட வாங்கிட்டு வா.” பக்கத்து ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தார் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. காலையில் ஏழு மணிக்கே அவர் வீட்டில் போய் நின்றேன். காபி கொடுத்தார், படிவத்தை வாங்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். அப்புறம் என் பக்கமே திருப்பிக் கொடுத்தார்.

“கடைசி வரியப் படிச்சியா?”

படித்திருந்தேன். இரண்டு பேருக்கும் இனிஷியல் வேறு, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

“உனக்கு உங்கப்பன் பேரு இனிஷியல், எனக்கு எங்கப்பன் பேரு. உங்கப்பன் இனிஷியல் என்ன?” என்றார். என் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே இனிஷியல், இருவருக்கும் அப்பா என் தாத்தா. அப்பாவின் பெயரும் சொந்த ஊரும், பணியில் சேருகிறவர் தன் விவரங்களைத் தானே நிரப்பிக் கொடுக்கும் அட்டெஸ்டேஷன் படிவத்தில் எழுதியாக வேண்டும். “நான் கையெழுத்துப் போட்டா, அது நீ நல்லவன்னு நான் சொல்றது இல்லை. நான் உனக்குச் சொந்தமில்லைன்னு சொல்றது. அது பொய். நாளைக்கு யாராவது எழுதிக் கேட்டா உனக்கு வேலை போகும், எனக்கு மெமோ வரும்.”

சித்தி உள்ளேயிருந்து, “பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவன், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா?” என்றார். பெற்ற பிள்ளை மாதிரி என்பதால்தான் போட முடியாது என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. அன்றைக்கு எனக்கும் கோபம்தான். படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்றுகூட இல்லை, வெறும் ‘உறவினர்’. மாமனார் வழி, மைத்துனர் வழி எல்லாம் அதில் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வந்தவர்களையும் பின்னாளில் பார்த்திருக்கிறேன். அடித்த வரி ஆயிரம் பேசும், அந்தத் தாள் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு என்னை உண்மையாகவே தெரிந்த அலுவலர் யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ‘யாருக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறது’ என்று தேடிக்கொண்டிருந்தேனே தவிர, யார் என்னை அறிவார்கள் என்று தேடவில்லை. (அந்தப் பச்சை மை விஷயமும் பாதி கற்பனை. நீல மையில் போட்ட சான்றிதழை நிறத்துக்காகத் திருப்பியதாக நான் பார்த்ததில்லை. பதவியும் முத்திரையும்தான் பார்க்கப்படும்.)

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். கொரோனா சமயத்தில் தடுப்பூசி முகாமில் பெயர் பதியும் வேலைக்கு நான் தன்னார்வலராகப் போயிருந்தேன். அப்புறம் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் பார்க்கிறவர். இன்னொருவர் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய சில வாரங்களில் நானும் அதில் சேர்ந்து, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வகையில் அவருக்கு என்னைத் தெரியும். இருவருமே அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்கள், இருவரும் சொந்தமும் இல்லை.

மருத்துவர் வெளி நோயாளிகள் கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டார். நியமனக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார். ‘கடந்த ___ ஆண்டுகள்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. “அஞ்சு வருஷம்னு போட்டுடுங்க டாக்டர், அப்பத்தான் ஒத்துக்குவாங்க” என்றேன். யாரோ எனக்கு அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

“நான் இந்த ஊருக்கு வந்தே ரெண்டே முக்கால் வருஷம்தான்” என்றார். நாள்காட்டியைப் பார்த்து, முகாம் நடந்த மாதத்திலிருந்து எண்ணி, ஒரு ஆண்டு பத்து மாதங்கள் என்று எழுதினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே வந்து நியமனக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குறைந்தது இத்தனை ஆண்டு தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. சில துறைகளின் படிவத்தில் அப்படி ஒரு வரம்பு இருக்கலாம், அதனால் படிவத்தைப் படித்துவிட்டுத்தான் ஆளைத் தேட வேண்டும். வரம்பு இல்லாத இடத்தில் குறைந்த எண் ஒரு குறையே இல்லை. ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே தெரியும் என்று மருத்துவர் எழுதியிருந்தால், அவருடைய பணியில் சேர்ந்த தேதியே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். மருத்துவருடைய முகவரிக்கே அலுவலகம் எழுதிக் கேட்க முடியும், கேட்கவும் செய்கிறது.

தலைமை ஆசிரியர் ஒரு ஆண்டு இரண்டு மாதங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளியின் வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மருத்துவருடையது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒன்று பத்து என்பதை யாரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியருடையது திரும்பி வந்தது. மூன்று காரணம்.

வட்ட முத்திரையில் பள்ளியின் பெயர் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டவர் யார் என்று அது சொல்லாது. கையெழுத்துக்கு அடியில் பெயர், பதவி, அலுவலகம் மூன்றும் இருக்கும் நீள முத்திரை வேண்டும். வட்ட முத்திரை அதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, அதற்குப் பதிலாக இருக்க முடியாது. இரண்டாவது, தேதி இல்லை. அவர் மறந்துவிட்டார், நானும் பார்க்கவில்லை. ‘கடந்த ஒரு ஆண்டு’ என்றால் எந்த நாளிலிருந்து கடந்த? தேதி இல்லாமல் அந்த வாக்கியமே நிற்காது. மூன்றாவது என் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், நியமனக் கடிதத்திலும் அப்படியே. அவர் பள்ளிக்கூட வழக்கப்படி முன்னால் போட்டு, பெயரில் ஒரு எழுத்தையும் மாற்றி எழுதியிருந்தார். முதல் இரண்டும் இல்லாமல் இது மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். மூன்றும் சேர்ந்தபோது புதிதாக வாங்கி வா என்றார்கள்.

ஊருக்குத் திரும்பி, இந்த முறை பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் நியமனக் கடிதத்தில் உள்ளபடி நானே தட்டச்சு செய்து எடுத்துப்போனேன். ஆண்டு, மாதம், தேதி, இடம் மட்டும் காலி. அவை அவர் கையால் எழுத வேண்டியவை. ‘திரு/திருமதி/செல்வி’ என்பதில் வேண்டாதவற்றை அவரையே அடிக்கச் சொன்னேன். அப்படியே இரண்டு மூலப் பிரதிகள் வாங்கிக்கொண்டேன். அஞ்சலில் ஒன்று தொலைந்தால் மறுபடி ஐம்பது கிலோமீட்டர் போகிற பொறுமை எனக்கு இல்லை.

இதெல்லாம் நடந்து முடிந்து, இப்போது நான் அதே துறையில் வேறொரு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களின் கட்டு என் மேசைக்கும் வருகிறது. திருப்பி அனுப்பப்படும் நன்னடத்தைச் சான்றுகளில் பெரும்பாலானவை நடத்தை சரியில்லாததால் திரும்புவதில்லை. ஆண்டு, மாதம் காலியாகவே இருக்கும். நோட்டரி வழக்கறிஞர் ஒட்டுவில்லையும் முத்திரையும் குத்தி அழகாகக் கொடுத்திருப்பார், ஆனால் அவர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் இல்லை. கவுன்சிலர், கிராம நிர்வாக அலுவலர், தனியார் கல்லூரிப் பேராசிரியர் கையெழுத்துகளும் அப்படித்தான். வங்கி மேலாளர் கையெழுத்து, படிவமே அவரைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தால் மட்டும். ஓய்வு பெற்றவர் பழைய முத்திரையைக் குத்திக் கொடுத்தது ஒருமுறை வந்தது. வெள்ளை மை பூசித் திருத்தியதும், கையெழுத்து இருக்கும் தாளின் ஜெராக்ஸும் அவ்வப்போது வரும். ‘சுய சான்றொப்பம் போதும் என்று அரசே சொல்லிவிட்டதே’ என்று ஒரு தம்பி வாதாடினார். சுய சான்றொப்பம் நகல்களுக்கு. இந்த நகல் என்னுடைய மூலச் சான்றிதழின் நகல்தான் என்று நாமே சொல்லலாம். நான் நல்லவன் என்று நானே சான்றளித்துக்கொள்ள முடியாது.

டி.என்.பி.எஸ்.சி. வழியாக மாநில அரசு வேலைக்குப் போகிறவர்கள் இதே கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே குரூப் ஏ அல்லது குரூப் பி அலுவலர் என்ற சொல்லால் கேட்பார்கள், தேதியும் முக்கியம். அறிவிக்கை வெளியான நாளுக்கு முந்தைய தேதியிட்ட சான்று ஆகாது என்று அறிவிக்கையில் இருந்தால், போன தேர்வுக்கு வாங்கி மடித்து வைத்திருக்கும் தாளை நீட்டிப் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் உண்மையாகவே வேலை போகிறது. என்னோடு தேர்வானவர்களில் ஒருவர் மேல் கல்லூரிக் காலத்தில் ஒரு மறியல் வழக்கு இருந்தது. இரண்டு அலுவலர்கள் நன்னடத்தைச் சான்று கொடுத்துவிட்டார்கள், ‘முன்வரலாறு எதுவும் இல்லை’ என்று அவர்களே எழுதிவிட்டார்கள், பிறகு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று அட்டெஸ்டேஷன் படிவத்தில் ‘இல்லை’ என்று போடப் பார்த்தார். அந்தப் படிவம் கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, எந்தத் தேர்விலாவது விலக்கப்பட்டதுண்டா என்று தனித்தனியாகக் கேட்கிறது. அலுவலர் ‘எனக்குத் தெரிந்த வரையில்’ என்று சொல்கிறார், அவருக்குத் தெரியாதது இருக்கலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நமக்கு அந்தச் சொல் கிடையாது. காவல்துறை விசாரணை தனியாக நடக்கும், இந்தத் தாள் அதற்கு ஈடு அல்ல. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. சின்ன வழக்காக இருந்தால் மறைத்ததைக்கூட அலுவலகம் மன்னிக்க இடமுண்டு என்றது, அதே நேரம் முழுக்க உண்மையைச் சொன்னவரையும் அலுவலகம் பரிசீலிக்கலாமே தவிர நியமித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. நண்பர் கடைசி நேரத்தில் ‘ஆம்’ என்று எழுதி, விடுதலையான தீர்ப்பின் நகலை இணைத்தார். நான்கு மாதம் தாமதமாகப் பணியில் சேர்ந்தார்.

மத்திய அரசு வேலை என்று தெரிந்ததும் தெருவில் இரண்டு பிள்ளைகள் என்னிடமே படிவத்தோடு வந்தார்கள். நான் குரூப் சி, என் கையெழுத்து செல்லாது என்று சொல்லி, சித்தப்பாவிடம் அனுப்பினேன். அவர்களில் ஒரு பெண்ணை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், சொந்தமும் இல்லை. பதினொரு ஆண்டு நான்கு மாதம் என்று எழுதிக் கொடுத்தார். போன வருடம் ஓய்வு பெற்ற அன்று நீள முத்திரையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். இன்னும் படிவத்தோடு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சித்தி காபி கொடுத்து அனுப்புகிறார்.